நம் சுவர்: அண்டை வீட்டாருக்கு எழுதிய கடிதம்

செண்பகனூரில் சமதரை என்பது யாரோ ஒருவர் வெட்டி உண்டாக்கியது. 1895இல் யேசு சபையார் இங்கே திரு இருதயக் கல்லூரியைக் கட்டத் தொடங்கியபோதும், அதன்பின் சரிவுகளில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் காலத்திலும், முதல் வேலை மலையை வெட்டித் தட்டையாக்குவதாகவே இருந்திருக்கிறது. மேல்தட்டில் இருப்பவரின் முற்றம் கீழ்தட்டில் இருப்பவரின் கூரை மட்டத்தில் இருக்கும். ஆகவே இங்கே ஒருவர் தம் நிலத்தில் மண்வெட்டியை இறக்கினால், அந்த மண் வேறு யாருடைய வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரு காலத்தில் ஒரே வீடு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பாகம் பிரித்தபோது நடுவிலிருந்த கருங்கல் சுவர் இருவருக்கும் பொதுவாயிற்று. ஒன்றரை அடி கனம், இருபது அடி நீளம். மண் சாந்தில் அடுக்கி, வெளிமுகத்தில் மட்டும் சுண்ணாம்பு பூசியது. பக்கத்து வீட்டு அண்ணன் சென்ற ஆண்டு தம் பாகத்தை இடித்தார். தரைக்குக் கீழே வண்டி நிறுத்த இடமும் அதன்மேல் இரண்டு தளமும் கட்டுவது அவர் எண்ணம். அதில் எங்களுக்கு மனவருத்தம் ஏதுமில்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டுக்கு இடம் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் அந்தச் சுவரை ஒட்டித்தான் எங்கள் அம்மாவின் கட்டில் கிடக்கிறது. எண்பத்திரண்டு வயதில், அந்த அறையைவிட்டு வேறு அறையில் படுக்கமாட்டேன் என்பவர்.

அக்டோபர் தொடக்கத்தில் சுவரில் ஒரு கோடு தெரிந்தது. இரண்டு வாரத்தில் அது விரிசலாயிற்று. அப்போதுதான் நாங்கள் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தோம். எதிர் வீட்டில் இருப்பவருக்குக் கடிதம் எதற்கு என்று நண்பர்கள் கேட்டார்கள். வாய்ப்பேச்சில் இரண்டு முறை முயன்று தோற்றிருந்தோம். முதல்முறை, "பழைய சுவர்தானே, மழைக்கு விடத்தான் செய்யும்" என்றார். இரண்டாம் முறை எங்கள் குரல் உயர்ந்துவிட்டது. எழுத்தில் குரல் உயராது, அளவுகளும் மறக்கப்படமாட்டா.

முதல் வரைவில் சட்டம் மிகுந்திருந்தது. அதையும் வாசகர்களுக்குச் சொல்லவேண்டும், ஏனெனில் பலருக்குத் தெரியாத ஒரு நல்ல சட்டம் அது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் அடுத்தடுத்து இரண்டு பழைய வீடுகள் இருந்தன. 1849இல் ஒன்றை அதன் உரிமையாளர்கள் குதிரைவண்டி செய்யும் ஆலையாக மாற்றினார்கள். உட்சுவர்களை எடுத்துவிட்டு, உத்தரங்களின் பாரம் ஒரு புகைபோக்கித் தூணில் இறங்கும்படி அமைத்தார்கள். அந்தத் தூண் பக்கத்து நிலத்து மண்ணின் அணைப்பில் நின்றது. இருபத்தேழு ஆண்டுகள் கழித்துப் பக்கத்து வீட்டை இடித்து ஆழமாகத் தோண்டியபோது தூண் அமிழ்ந்தது, ஆலை விழுந்தது. டால்டன் எதிர் ஆங்கஸ் எனப்படும் இந்த வழக்கில் 1881இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஒரு கட்டடம் இருபது ஆண்டுகள் வெளிப்படையாகவும் தடையின்றியும் பக்கத்து மண்ணின் தாங்கலைப் பெற்றிருந்தால் அது உரிமையாகிவிடும் என்பது அதன் சாரம். தோண்டுவித்தவர் ஒப்பந்தக்காரரைக் கைகாட்டித் தப்பமுடியாது என்பதையும் அது உறுதி செய்தது.

அடுத்த ஆண்டே, 1882இல், இந்திய வசதியுரிமைச் சட்டம் வந்தது. முதலில் அது நடைமுறைக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. அதன் 7ஆம் பிரிவு, நிலம் தன் இயற்கை நிலையில் பக்கத்து மண்ணின் தாங்கலைப் பெறும் உரிமையைச் சொல்கிறது. நிலத்தின்மேல் கட்டிய வீட்டுக்கு அந்த உரிமை இயல்பாகக் கிடைக்காது. 15ஆம் பிரிவின்படி இருபது ஆண்டு அனுபவத்தால் கிடைக்கிறது. 34ஆம் பிரிவில் ஒரு வரம்பும் உண்டு. தாங்கலை அகற்றியது மட்டும் இழப்பீடு கேட்கக் காரணமாகாது. குறிப்பிடத்தக்க சேதம் உண்மையில் நேர்ந்திருக்கவேண்டும். வருமுன் தடுக்கவேண்டுமானால் தடையாணை கேட்டு நீதிமன்றம் போகவேண்டும். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டம் இந்த இடைவெளியை அடைத்திருக்கிறது. பக்கத்துக் கட்டடத்துக்கு மூன்று மீட்டருக்குள், அதன் கடைக்காலைவிட ஆழமாகத் தோண்டுகிறவர் ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்கவேண்டும். நம்மூரில் அப்படித் தனிச்சட்டம் இல்லை. ஆகவே கடிதம் எழுதும் வேலை விரிசல் கண்ட வீட்டாருக்கே வந்து சேர்கிறது.

சட்டம் நிறைந்த அந்த வரைவைக் கிழித்துவிட்டோம். அது எங்களுக்குச் சரியாகவே பட்டது. ஆனால் அதைப் படித்த அண்ணன் வக்கீலைப் பார்க்கப் போவார், நாங்களும் போவோம், அதற்குள் ஐப்பசி மழை சுவரைப் பார்த்துவிடும். கிழித்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதில் ஓரிடத்தில் 'எங்கள் சுவர்' என்று எழுதியிருந்தோம். கேட்பவரை விலக்கும் 'நாங்கள்' ஒன்று, சேர்த்துக்கொள்ளும் 'நாம்' ஒன்று என்று தமிழில் இரண்டு தன்மைப் பன்மைகள் இருப்பதை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவர்கள் நாங்கள். பொதுச்சுவரை எந்தச் சொல்லால் குறிக்கவேண்டும் என்பது எழுதும்போது தோன்றாமல் போயிற்று. இறுதியாகக் கொடுத்த கடிதம் இது.

*

அன்புமிக்க அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். இது புகார்க் கடிதம் அன்று. நம் சுவரைப்பற்றி நாங்கள் பார்த்ததையும் அளந்ததையும் எழுதுகிறோம். படித்துவிட்டு ஒருமுறை வீட்டுக்கு வாருங்கள். மதினியையும் அழைத்து வாருங்கள்.

செப்டம்பர் 22 அன்று கிழக்கு முனையில் வாணம் தோண்டத் தொடங்கினீர்கள். இயந்திரம் வைக்காமல் கடப்பாரை கொண்டே தோண்டச் சொன்னீர்கள், அதற்கு நன்றி. அக்டோபர் 3 அன்று அம்மாவின் அறைச் சுவரில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. 9ஆம் தேதி அது ஒரு மில்லிமீட்டர் அகலமாக இருந்தது. அன்று பூச்சைச் சுரண்டிவிட்டு, விரிசலின் இருபுறத்துக் கல்லிலும் ஒவ்வோர் ஆணி பதித்தோம். இடைவெளி 100 மி.மீ. கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் வாங்கிவந்த மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றையும் விரிசலுக்குக் குறுக்கே பசையிட்டு ஒட்டினோம். கண்ணாடி வளைந்துகொடுக்காது, சுவர் அசைந்தால் உடையும். 14ஆம் தேதி இரவு மழை பெய்தது. மறுநாள் காலை கண்ணாடி உடைந்திருந்தது. 17ஆம் தேதி ஆணிகளின் இடைவெளி 103 மி.மீ. ஆக, விரிசல் இன்று நான்கு மி.மீ.

நான்கு மி.மீ. விரிசல் வீட்டை விழத்தட்டுவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஐந்து மி.மீ. வரை சிறு சேதம் என்றே பொறியியலார் வகைப்படுத்துவர். எங்களை அச்சுறுத்துவது அகலத்தைவிட வேகம். எட்டு நாளில் மூன்று மி.மீ. கூடியிருக்கிறது. அறைக் கதவும் இப்போது நிலையில் உரசுகிறது.

பழைய சுவர் மழைக்கு விடும் என்று சொன்னீர்கள். அப்படியும் இருக்கலாம் என்று நாங்களும் பார்த்தோம். பூச்சு மட்டும் காய்ந்து வெடித்தால் கோடுகள் வலைபோலப் பரவும். சுரண்டினால் உள்ளே கல் முழுதாக இருக்கும். இது அப்படி இல்லை. கல்லிடுக்குகளின் வழியே படிப்படியாக ஏறுகிறது. கத்தி நுனி உள்ளே இறங்குகிறது. மேற்கே தாழ்வாகத் தொடங்கிக் கிழக்கே உயர்ந்து போகிறது. இப்படிச் சாய்ந்த விரிசலுக்குச் செங்குத்தாக ஒரு கோட்டைக் கீழ்நோக்கி இழுத்தால், பெரும்பாலும் அது அமிழும் இடத்தைக் காட்டும் என்பார்கள். இழுத்துப் பார்த்தோம். அது கிழக்கு முனையின் அடியை, உங்கள் குழி ஆழமாக இருக்கும் இடத்தைக் காட்டுகிறது.

காரணம் எங்களுக்குப் புரிந்தவரை இதுதான். நம் சுவரின் கடைக்கால் மூன்றடி ஆழம். உங்கள் குழி எட்டடி. சுவரின் பாரம் கடைக்காலுக்கு அடியில் நேராக மட்டும் இறங்குவதில்லை. பக்கவாட்டிலும் விரிந்துகொண்டே இறங்குகிறது. கடைக்காலின் அடி விளிம்பிலிருந்து 45 பாகைச் சரிவில் ஒரு கோடு இழுத்து, அதற்கு உட்பட்ட மண்ணைத் தாங்கலின்றித் தொடக்கூடாது என்பது கட்டடக்காரர்களின் பொது விதி. கடைக்காலுக்குக் கீழே ஐந்தடி இறங்குகிற குழி, ஐந்தடி தள்ளியிருக்கவேண்டும். உங்கள் குழி ஒன்றரை அடியில் இருக்கிறது.

தோண்டிய மறுநாளே விழவில்லையே என்று மேஸ்திரி கேட்கலாம். நம் மலையின் செம்மண் ஈரப்பதமாக இருக்கும்வரை செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். குழந்தைகள் கடற்கரையில் ஈரமணலில் கட்டும் வீடு நிற்பது போலத்தான் இதுவும். மண்துகள்களுக்கிடையே உள்ள கொஞ்சம் நீர் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. நீர் நிறைந்துவிட்டால் அந்தப் பிடி போய்விடும். ஆகவே வெட்டு பத்து நாள் நின்றது என்பது பதினோராம் நாளுக்கு உறுதியாகாது. எங்கள் முற்றத்தில், சுவருக்கு இணையாக, தரையில் ஒரு மெல்லிய பிளவும் தெரிகிறது. அதற்குள் மழைநீர் இறங்கினால் மண்ணைப் பின்னாலிருந்து தள்ளும். அதைக் களிமண் வைத்து அடைத்திருக்கிறோம்.

எங்கள் பக்கத்துத் தவறுகளையும் சொல்லிவிடவேண்டும். குளியலறைத் தண்ணீர்க் குழாயின் கீழ் இணைப்பு நெடுநாளாகக் கசிந்திருக்கிறது. குழாயை மூடித் தோண்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த ஈரம் நம் சுவரின் அடிக்குத்தான் போயிருக்கிறது. அதை எங்கள் செலவில் மாற்றிவிட்டோம். மூன்றாண்டுக்கு முன் எங்கள் மகளின் சடங்கின்போது எடுத்த புகைப்படம் ஒன்றில், சன்னலுக்கு மேலே ஒரு சிறு வெடிப்பு தெரிகிறது. அது உங்கள் வேலையால் வந்ததன்று. படத்தின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறோம். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததில் சுவரின் தலை உங்கள் பக்கம் ஆறு மி.மீ. சாய்ந்திருக்கிறது. முன்பு எவ்வளவு இருந்தது என்பதற்கு அளவு இல்லாததால் அதையும் உங்கள் கணக்கில் எழுதவில்லை. இனிக் கூடுகிறதா என்று பார்க்கவே குறித்திருக்கிறோம்.

நாங்கள் கேட்பவை இவை. முதலாவதாக, சுவரோரத்தில் தோண்டுவதை நாளையே நிறுத்துங்கள். வீட்டின் மற்றப் பகுதியில் வேலை நடக்கட்டும். அடுத்த மழைக்கு முன், சுவரை ஒட்டி ஐந்தடி அகலத்துக்கு, கடைக்காலின் அடிமட்டம் வரை மண்ணைத் திரும்ப நிரப்புங்கள். அள்ளிக் கொட்டினால் பயனில்லை; ஆறங்குலம் ஆறங்குலமாகப் போட்டுத் திமிசு போடவேண்டும். அதன் வெளிச்சரிவைத் தார்ப்பாயால் மூடி, மழைநீர் குழிக்குள் இறங்காதபடி ஒரு வாய்க்கால் வெட்டினால் நல்லது. உங்கள் பகுதியை இடித்தபின் நம் சுவருக்கு அந்தப் பக்கத்து அணைப்பு ஏதுமில்லை. ஆகவே மூன்று இடத்தில் சாய்முட்டு வேண்டும். முட்டுகளின் அடி, நிரப்பிய மண்ணில் ஊன்றாமல், அப்பாலுள்ள கெட்டித் தரையில் பலகைமேல் ஊன்றவேண்டும்.

இரண்டாவதாக, வண்டி நிறுத்துமிடத்தைக் கைவிடச் சொல்லவில்லை. நம் சுவரின் கடைக்காலை முதலில் ஆழப்படுத்திவிட்டு அப்புறம் தோண்டலாம். இருபதடிச் சுவரை நான்கடிப் பங்குகளாக ஐந்தாகப் பிரித்து, முதலில் ஒன்றாவது, பிறகு மூன்றாவது, ஐந்தாவது, அதன்பின் இரண்டாவது, நான்காவது என்று ஒரு நேரத்தில் ஒரு பங்கு மட்டும் தோண்டிக் கான்கிரீட் இடவேண்டும். அது இறுகி, பழைய கல்லுக்கும் புதுக் கான்கிரீட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கெட்டிச் சாந்தால் இடித்து நிரப்பியபின்தான் அடுத்தது. எத்தனை நாள் காத்திருக்கவேண்டும் என்பதை மேஸ்திரியோ நாங்களோ தீர்மானிக்கக்கூடாது. ஒரு கட்டடப் பொறியாளர் வந்து பார்த்துக் கையெழுத்திட்டுச் சொல்லவேண்டும். அவருக்கான கட்டணத்தில் பாதியை நாங்கள் தருகிறோம்.

மூன்றாவதாக, விரிசலை இப்போது பூசித் தருவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். அசையும் சுவரைப் பூசினால் அசைவது தெரியாமல் போகும். ஆணிகளின் இடைவெளி மூன்று மாதம் மாறாமல் இருக்கட்டும், பிறகு பூசிக்கொள்வோம். அதுவரை ஞாயிறுதோறும் காலையில் நீங்களும் வந்து எங்களோடு அளந்து, இந்தத் தாளின் பின்புறத்தில் கையெழுத்திடவேண்டும்.

அம்மாவை நடு அறைக்கு மாற்றிவிட்டோம். உங்களிடம் சொல்லக்கூடாது என்றார், சொல்லிவிட்டோம்.

அன்புடன்,
மேல் வீட்டார்

*

கடிதத்தை மாலையில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அண்ணன் வாங்கி, படிக்காமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றிரவு எங்களுக்கு உறக்கம் இல்லை. மறுநாள் காலை மேஸ்திரியோடு வந்து, உடைந்த கண்ணாடியை நெடுநேரம் பார்த்தார். மேஸ்திரி ஏதோ சொல்லத் தொடங்கியபோது, "மொதல்ல மண்ணை ரொப்புங்க, அப்புறம் பேசலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய் அம்மாவின் காலடியில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். எங்கள் கடிதத்தில் இருந்த ஒரு பிழையை அவர் திருத்தினார். மூன்று முட்டு போதாது, சன்னலின் இருபுறமும் ஒவ்வொன்று கூடுதலாக வேண்டும் என்றார். கிழக்கு முனைப் பங்கு ஏற்கெனவே இளகியிருந்ததால் அதை நான்கடிக்குப் பதில் மூன்றடியாகக் குறைத்தார். மழைக்கிடையே ஐந்து பங்குகளும் முடிய ஏழு வாரம் ஆயிற்று. அண்ணனுக்கு எதிர்பாராத செலவு. கட்டுமானம் பொங்கலுக்குமேல் தள்ளிப்போயிற்று. அந்த நாள்களில் மதினி எங்களோடு அதிகம் பேசவில்லை. அதை நாங்கள் குறையாக நினைக்கவில்லை என்று எழுதினால் பொய்யாகும்.

அளவுத்தாள் எங்களிடம் இருக்கிறது. அக்டோபர் இறுதியில் இடைவெளி 104 மி.மீ. அதன்பின் கார்த்திகை, மார்கழி, தை முழுவதும் 104. ஒவ்வொரு ஞாயிறுக்கும் இரண்டு கையெழுத்து. சில வாரங்களில் அண்ணன் ஒரு வார்த்தையும் பேசாமல் அளந்து கையெழுத்திட்டுப் போயிருக்கிறார். மாசியில் ஒரு ஞாயிறு, எங்களுக்கு முன்பே வந்து, தாமே அளவுகோலை எடுத்து அளந்துகொண்டிருந்தார். அந்த வாரத் தாளில் ஓரத்தில் அவர் கையெழுத்தில், "நம்ம சுவர் நின்னுருச்சு" என்று இருக்கிறது.

பங்குனியில் கொத்தனார் விரிசலைத் திறந்து, இருபுறத்தையும் பிடிக்கும்படி ஐந்து இடங்களில் நீளக் கற்களைப் பதித்து, இடுக்குகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தார். மண் சாந்துச் சுவருக்குச் சிமெண்டு கடினம், அது பக்கத்தில் புதிதாக வெடிக்கவைக்கும் என்று அவரே மறுத்துவிட்டார். அம்மா தம் கட்டிலுக்குத் திரும்பினார். இரண்டு ஆணிகளையும் பூச்சுக்குள் மறைக்கவேண்டாம் என்று அண்ணன் சொன்னதால் அவை வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. பெருமழை பெய்த மறுநாள் யாராவது ஒருவர் அளந்து பார்த்துக்கொள்கிறோம்.